பண்டிகைக் கால மெயிலில் சப்ஜெக்ட் வரியும் ப்ரீஹெடரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்?

ப்ரீஹெடர் என்பது, மெயிலைத் திறக்கும் முன்பே இன்பாக்ஸில் சப்ஜெக்டை ஒட்டி மங்கலாகத் தெரியும் சிறு வரி. செய்தித்தாளில் தலைப்பும் அதன் கீழே வரும் துணைத்தலைப்பும் போலத்தான் இந்த இரண்டும். தலைப்பில் சொன்னதையே துணைத்தலைப்பும் சொன்னால் யார் படிப்பார்கள்?

பண்டிகை நேரத்தில் எல்லாருமே தள்ளுபடி என்றுதான் எழுதுகிறார்கள். அதனால் சப்ஜெக்டைப் பார்த்ததும் வாசகர் மனதில் எழும் அடுத்த கேள்விக்கு ப்ரீஹெடர் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி பெரும்பாலும் விலை பற்றியது அல்ல, 'சமயத்துக்கு வந்து சேருமா?' என்பதுதான்.

சப்ஜெக்ட்: பண்டிகை உடைகளுக்கு 30% தள்ளுபடி
ப்ரீஹெடர்: வெள்ளி இரவுக்குள் ஆர்டர் செய்தால் பண்டிகைக்கு முன்பே கையில்

போனில் வரியின் வால் வெட்டுப்படும் என்பதால்தான் 'வெள்ளி இரவு' முதலில் நிற்கிறது. சனிக்கிழமை அதே மெயிலை மறுபடி அனுப்புகிறவர்கள் இந்த வரியை மாற்ற மறந்துவிடுவதுண்டு. அப்புறம் புகார்தான் வரும்.

ப்ரீஹெடர் எழுதாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, மெயிலின் உள்ளே முதலில் இருக்கும் எழுத்து, 'பிரௌசரில் பார்க்க இங்கே அழுத்தவும்' என்பதுகூட, அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.