செய்திப் பழக்கம் பற்றிய வினாநிரல்: மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோலாலம்பூரில் இளங்கலை இறுதியாண்டு ஆய்வேடு எழுதுகிறேன். “நீங்கள் தமிழ் நாளிதழ்களையும் வானொலிச் செய்திகளையும் அடிக்கடி பின்தொடர்கிறீர்களா?” என்று கேட்டு, ‘எப்போதும்’ முதல் ‘ஒருபோதும் இல்லை’ வரை ஐந்து தெரிவுகள் தந்துள்ளேன். மேற்பார்வையாளர் மாற்றச் சொல்கிறார். என்ன பிழை?

பதில்: முதற்பிழை எளிதில் தெரிவது: ஒரே வினாவில் இரண்டைக் கேட்டிருக்கிறீர்கள். காரில் போகும்போது மின்னல் எஃப்எம் செய்தியைத் தவறாமல் கேட்டு, நாளிதழைத் தொடாத மாணவர் எதைத் தெரிவு செய்வார்?

இரண்டாவது பிழை சற்று ஆழமானது. ‘அடிக்கடி’ என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஓர் அளவு உண்டு. வாரம் இருமுறை மக்கள் ஓசை வாங்குபவர், வீட்டில் யாருமே நாளிதழ் படிக்காத சூழலில் அதையே அடிக்கடி எனக் கருதலாம். நாள்தோறும் படிக்கும் தந்தையுடன் வாழ்பவர் அதை அரிது என்பார். இருவரின் பழக்கமும் ஒன்றே, விடைகள் மட்டும் வேறு. ஆகவே காலத்தையும் செயலையும் வரையறுத்து இப்படிக் கேளுங்கள்: “கடந்த 7 நாள்களில், எத்தனை நாள் தமிழ் நாளிதழில், அச்சிலோ இணையத்திலோ, குறைந்தது ஒரு செய்தியை முழுமையாகப் படித்தீர்கள்?” விடை 0 முதல் 7 வரை ஓர் எண்ணாக அமையும். வானொலிக்குத் தனி வினா வையுங்கள். டிக்டாக்கில் விரல் தள்ளும்போது கண்ணில் பட்ட தலைப்பும் புலனத்தில் வந்த பகிர்வும் செய்தியாகக் கணக்கிடப்படுமா என்பதை வினாவுக்கு முன்பே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதை ஒவ்வொரு மாணவரும் தாமே முடிவு செய்துகொள்வார்.

கேள்வி: எத்தனை நிமிடம் செய்தி பார்க்கிறார்கள் என்பதற்கு நேர இடைவெளிகளைத் தெரிவுகளாகத் தரலாமா?

பதில்: தரலாம், ஆனால் அந்த இடைவெளிகளே விடையை இழுக்கும். 1985இல் சுவார்ஸ் குழுவினர் ஜெர்மனியில் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைக் கேட்ட ஆய்வு இதற்குச் சான்று. அரை மணி நேரத்தில் தொடங்கும் தெரிவுகளைப் பெற்றவர்களில் 16.2 விழுக்காட்டினரும், இரண்டரை மணி நேரத்தில் தொடங்கும் தெரிவுகளைப் பெற்றவர்களில் 37.5 விழுக்காட்டினரும் தாங்கள் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதாகக் கூறினர். நடுத் தெரிவையே வழக்கமான அளவென்று மக்கள் கருதிக்கொள்வதுதான் காரணம். எனவே “நேற்று ஏறத்தாழ எத்தனை நிமிடம்?” என்று கேட்டு, எண்ணை எழுத இடம் விடுவதே மேல்.

கேள்வி: பினாங்கில் 30 பேரிடம் முன்னோட்டம் நடத்தினேன். நாளிதழ், வானொலி, முகநூல், டிக்டாக் ஆகிய நான்கின் பயன்பாட்டு வினாக்களுக்கு, விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.41தான் வந்தது. வினாக்களை நீக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரே மனப்பான்மையைப் பல வினாக்கள் அளக்கும்போதுதான் ஆல்பாவுக்குப் பொருள் உண்டு; ‘இச்செய்தி நிறுவனத்தை நம்புகிறேன்’ வகையைச் சேர்ந்த ஐந்து கூற்றுகளுக்கு அது பொருந்தும். டிக்டாக் பார்ப்பவர் நாளிதழும் படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆல்பாவை உயர்த்துவதற்காக நாளிதழை நீக்கினால், தமிழ் இதழ்களைப் பற்றிய தகவலையே இழப்பீர்கள்.

முன்னோட்டத்தின் பெரும்பயன் வேறு. எட்டுப் பத்துப் பேரிடம் வினாவை உரக்கப் படித்து, எப்படிக் கணக்கிட்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். ‘சும்மா ஒரு மூணு போட்டேன்’ என்பவர் அந்த வினாவின் குறையைக் காட்டிவிடுவார். கூற்றுகள் அனைத்துக்கும் ஒரே எண்ணை வட்டமிட்ட தாள்களையும், பலர் வெற்றாக விட்ட வினாக்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னோட்டத்தில் பங்கேற்றவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் டிப்ளோமா 600, இளங்கலை 400, அடிப்படைக் கல்வி 200 என 1,200 மாணவர்கள். எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று சொல்லும் கிரெய்சி–மோர்கன் அட்டவணை 291 என்கிறது. தமிழ்க் கழகப் புலனக் குழுவில் இணைப்பைப் பகிர்ந்து அந்த எண்ணிக்கையை எட்டினால் போதாதா?

பதில்: போதாது. அந்த அட்டவணை தற்செயல் தெரிவை முன்னிறுத்தியது. தமிழ்க் கழகத்தில் இருப்பவர்கள் தமிழ்ச் செய்தியில் முன்பே ஆர்வமுள்ளவர்கள். அவர்களில் ஆயிரம் பேர் விடையளித்தாலும் சாய்வு மாறாது. பதிவகத்தில் அனுமதி பெற்று, மூன்று பிரிவுகளின் பெயர்ப்பட்டியலிலிருந்தும் தனித்தனியாகத் தற்செயலாகத் தேர்ந்தெடுங்கள்.

மொத்தம் 300 என்றால் விகிதப்படி 150, 100, 50 கிடைக்கும். கல்லூரி முழுமைக்கும் இது போதும். பிரிவுகளை ஒப்பிடுவதே நோக்கமென்றால் 50 பேர் போதாது. பிழை எல்லை ஏறத்தாழ 12 புள்ளிகளுக்கு விரியும். அப்போது ஒவ்வொரு பிரிவிலும் 100 பேரை எடுத்து, கல்லூரி மொத்தத்தைக் கணக்கிடும்போது மட்டும் டிப்ளோமா மாணவருக்கு 6, இளங்கலைக்கு 4, அடிப்படைக் கல்விக்கு 2 என எடை கொடுங்கள்.

கேள்வி: வினாநிரலைத் தமிழில் மட்டும் தந்தால் போதுமா?

பதில்: தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத மாணவர்கள் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க மாட்டார்கள். அவர்கள் விலகிவிட்டால் தமிழ் நாளிதழ் வாசிப்பு உண்மையைவிட உயர்வாகத் தெரியும். மலாய், ஆங்கில வடிவங்களையும் தந்து, யார் எந்த வடிவத்தில் விடையளித்தார் என்பதைப் பதிவு செய்யுங்கள்.