ஜப்பானிய ஹோட்டல் தளத்தில் பதிவு செய்யும் முன் எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி: ஒசாக்காவுக்கு நானும் மனைவியும் போகிறோம். ஜப்பானியத் தளம் ஒன்றில் மலிவாக அறை கிடைக்கிறது. உறுதி செய்யும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: பினாங்கிலிருந்து நாலைந்து தடவை இப்படிப் பதிவு செய்து, ஒருமுறை நன்றாகச் சூடும் பட்டவன் சொல்கிறேன்.

முதலில் கட்டில். செமி டபுள் (セミダブル) என்று போட்டிருந்தால் இரண்டு பேர் என்று காட்டினாலும் மெத்தை பெரும்பாலும் 120 செ.மீ. அகலம்தான். நம் வீட்டுக் குயின் மெத்தை 152 செ.மீ., கணக்குப் போட்டுப் பாருங்கள். தனித்தனிக் கட்டில் வேண்டுமென்றால் ட்வின் (ツイン). விலை ஆளுக்கா அறைக்கா என்பதையும் பாருங்கள், அங்கே ஆளுக்கு என்று போடுவது சகஜம். மலிவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்துதான் முக்கியம். ஒரே அறைக்கு நான்கைந்து ‘பிளான்’ வரிசையாக வரும், படம்கூட ஒன்றேதான். ரத்து விதியும் பணம் கட்டும் நேரமும் அறையோடு இல்லை, அந்தப் பிளானோடு ஒட்டியிருக்கும். மலிவான பிளானைத் தட்டினால் பதிவு செய்த நொடியிலிருந்தே முழுத்தொகையும் ரத்துக் கட்டணம் என்று இருக்கலாம். அதனால் அறையைத் தேர்ந்தெடுத்ததும், உறுதி செய்யும் முன்பே பிளானைத் திறந்து ரத்து விதி இருக்கும் キャンセル என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள்.

நான் மாட்டியது அங்கேதான். 12ஆம் தேதி செக்-இன், மூன்று இரவு, 54,000 யென். இரண்டு நாள் முன்பு வரை இலவசம், முந்தைய நாள் (前日) 20%, அன்றைக்கே (当日) என்றால் 80%, சொல்லாமல் போகாவிட்டால் முழுசும். சரி, 10ஆம் தேதி ராத்திரி வரை நேரமிருக்கிறதே என்று சாவகாசமாக 11.20க்கு ரத்து செய்தேன். ஜப்பான் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால்! அங்கே 11ஆம் தேதி பிறந்து இருபது நிமிஷம் ஆகிவிட்டது, 10,800 யென் போச்சு. அண்ணி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். இப்போதெல்லாம் கடைசி நாளுக்கு முந்தைய நாளுக்கே கைப்பேசியில் அலாரம் வைத்துவிடுவேன்.

பணம் கட்டுவதில் 現地決済 என்றால் ஹோட்டலிலேயே கட்டலாம், 事前カード決済 என்றால் கார்டில் முன்னாலேயே எடுப்பார்கள். பயணம் மாறக்கூடும் என்றால் முதலாவதே மேல். முன்கூட்டிக் கட்டி ரத்து செய்தால் திரும்பி வர நாள் பிடிக்கும், அதுவும் அன்றைய மாற்று விகிதத்தில், ரிங்கிட்டில் கொஞ்சம் குறைந்தே வரலாம். டெபிட் கார்டு என்றால் அதுவரை கணக்கில் பணம் இருக்காது. ஹோட்டலில் கட்டும்போது இயந்திரம் ரிங்கிட்டா யென்னா என்று கேட்டால் யென்னையே தட்டுங்கள். ஒசாக்காவில் தங்கும் வரி தனி, பல இடங்களில் அதை வரவேற்பறையில்தான் வாங்குவார்கள்.

நீங்கள் பார்த்து வைத்திருப்பது செமி டபுளா? அப்படியென்றால் மனைவியிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.