ஹட்டன் கட்டடத்தின் கிரனைட் முகப்பு: அறிக்கை பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஹட்டனில் நான்கு மாடிக் கடைக் கட்டடம் ஒன்றின் முகப்பைப் பரிசோதித்து அறிக்கை கொடுத்திருந்தேன். 1990களில் கிரனைட் பலகைகளை இரும்பு ஊசிகளில் பொருத்திய கட்டடம்; பலகைகளுக்கு இடையிலுள்ள இணைப்புகளைச் சிலிக்கனால் அடைத்திருக்கிறார்கள். அது பற்றி வந்த கேள்விகள் இவை.

மேற்குப் பக்க சிலிக்கன் பிடிப்பு விட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீங்க சேர். தொட்டுப் பார்த்தா ரப்பர் மாதிரி நல்லாத்தானே இருக்கு? (கட்டட உரிமையாளர்)

ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, கல்லைத்தான் பிடிக்கவில்லை. பிளேடால் குறுக்கே வெட்டி, இரு ஓரத்தையும் இரண்டு அங்குலத்துக்குக் கீறி, நுனியைப் பிடித்து இழுத்தோம். பிடிப்பு இருந்தால் சிலிக்கன் நடுவில்தான் கிழியும். இங்கே பத்து இடத்தில் ஏழில் நாடா போல முழுதாக உரிந்து வந்தது. உள்ளே நுரைக் கயிறு வைக்காமல் நிரப்பியிருக்கிறார்கள். அதனால் பின்சுவரிலும் ஒட்டி, மூன்று பக்கமும் பிடிபட்டு, காலைக் குளிருக்கும் பின்நேர வெயிலுக்கும் இணைப்பு அசையும்போது நீள முடியாமல் விளிம்பை விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவ மழை சாய்ந்து அடிப்பதும் அந்தப் பக்கம்தான்.

பழசுக்கு மேலேயே புதுசா ஒரு சிலிக்கன் இழுத்தா போதும்னு எங்க மேசன் பாஸ் சொல்றார்.

பாஸ் சொல்வது பாதி சரி. சுத்தம் செய்த பழைய சிலிக்கனில் புதிய சிலிக்கன் பிடிக்கும். ஆனால் பழையதே கல்லை விட்டபின் எதைப் பிடித்து நிற்கும்? அதைவிடப் பெரிய விஷயம், கல்லைத் தாங்கும் இரும்பு. மூன்றாம் மாடியில் இரண்டு பலகைகளின் கீழ் இணைப்பில் பழுப்புக் கோடு வடிந்திருந்தது. ஒன்றைக் கழற்றினோம். மேல் ஊசிகள் துருப்பிடிக்காத எஃகு, கீழே தாங்கும் கோணத்துண்டும் ஊசியும் சாதாரண இரும்பு. துரு பருத்து, ஊசித் துளையைச் சுற்றிக் கல்லின் விளிம்பு சிப்பியாகப் பெயர்ந்திருந்தது. மூன்றடிக்கு இரண்டடிப் பலகை, 20 மி.மீ. தடிப்பு, ஏறத்தாழ 30 கிலோ. கீழே நடைபாதை!

கீழ் இணைப்பையும் யாரோ பிறகு சிலிக்கனால் அடைத்திருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. மேலே மட்டும் புதிதாக அடைத்தால் துரு நிற்காது.

எங்க வீட்டு முன் சுவர் டைல்ஸைத் தட்டினா டொக்குனு வெறுமையா கேக்குது. அதுவும் விழுமா அண்ணே? (நானுஓயா)

உங்களுடையது சீமெந்தில் ஒட்டியது, அதில் வெறுமைச் சத்தம் என்றால் பிடிப்பு விட்டிருக்கிறது. அந்த இடங்களைச் சோக்கால் குறித்து வையுங்கள், பரவுகிறதா என்று பாருங்கள். ஊசியில் தொங்கும் பலகைக்குப் பின்னால் எப்போதுமே இடைவெளி உண்டு, அதனால் அந்தச் சத்தம் அங்கே எதையும் சொல்லாது. உள்ளங்கையால் அழுத்தி ஆடுகிறதா என்றுதான் பார்த்தோம்.

அப்போ எதை முதல்ல செய்யணும்? எல்லாக் கல்லையும் கழற்றணுமா?

நடைபாதையை இன்றே மறியுங்கள், பழுப்புக் கோடு உள்ள மற்றப் பலகையையும் இறக்குங்கள். சாரம் கட்டியதும் ஒவ்வொரு மாடியிலும் சில பலகைகளைத் திறந்து கீழ்த் தாங்கிகளில் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். பலமாக ஒட்டினால் மாற்ற வேண்டிய இரும்பு. சிலிக்கன் வேலை கடைசி. அதை ஜனவரி முதல் மார்ச் வரை, பனி காய்ந்தபின் செய்யுங்கள், கீழ் இணைப்பில் வடிகால் விடுங்கள். எல்லாவற்றையும் கழற்றுவதா என்பதை ஒரு பலகையை மட்டும் திறந்து பார்த்துவிட்டு நான் சொல்ல மாட்டேன்.