நட்டு கழன்றும் வராத பின்சக்கரம்

"பஞ்சருக்காக ஸ்கூட்டரின் சைலன்சரையும் நடு நட்டையும் கழற்றிவிட்டேன், பின்சக்கரம் மட்டும் வெளியே வரவில்லை."

பின் பிரேக் கேபிளின் முனையிலுள்ள நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு, சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல ஆட்டியபடி நேராக வெளியே இழுங்கள்.

டிரம் பிரேக் வண்டியாக இருந்தால், தேய்ந்த டிரம்மின் விளிம்பில் தேயாமல் நிற்கும் மெல்லிய மேட்டில் பிரேக் ஷூ மாட்டிக்கொள்வதே பெரும்பாலும் காரணம். தளர்த்தியபின் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். உரசலின்றிச் சுழன்றும் வரவில்லையென்றால், அச்சின் பற்களில் துரு பிடித்திருக்கக்கூடும். அங்கே துருநீக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மட்டும் விட்டுக் காத்திருங்கள், ஏனெனில் அது டிரம்முக்குள் கசிந்தால் பிரேக் பிடிக்காது. புதியவர்கள் பலர் இந்த நிலையில் ரிம்மைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். அலாய் ரிம் விரிசல் விட அதுவே போதும், தயவுசெய்து வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது, பற்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சக்கரம் கையாலேயே முழுவதும் உள்ளே சென்றபிறகுதான் நட்டைப் போட வேண்டும். பாதியில் நிற்கும் சக்கரத்தை நட்டை முறுக்கி உள்ளே இழுத்தால் பற்கள் சிதைந்துவிடும். கடைசி முறுக்கை, சக்கரம் தரையில் ஊன்றியிருக்க, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் கொடுங்கள்.

தளர்த்திய பிரேக்கைத் திரும்பச் சரிசெய்து, லீவரைப் பிடித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.