சான்றிதழ் வாங்குவதற்கு முன் 'இதர வருமானம்' லெட்ஜரைப் புரட்டுங்கள்

கேள்வி: நான் சிஎம்ஏ. 8 வருடமாக ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கார்பன் அக்கவுண்டிங், இஎஸ்ஜி ரிப்போர்ட்டிங் பக்கம் போக ஆசை. எந்த சர்டிபிகேட் படித்தால் வேலை கிடைக்கும்? சயின்ஸ் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

நானும் காஸ்ட் அக்கவுண்டன்ட்தான். கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் குழுமத்தில் இருக்கிறேன். உங்கள் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். "சயின்ஸ் தெரியாதவர்களுக்கு இங்கே என்ன வேலை" என்று நேரிலேயே கேட்டிருக்கிறார்கள்.

முதலில் சான்றிதழ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். எந்த வாசல் வழியாக நுழையப் போகிறீர்கள் என்று தெரியாமல் எதற்கும் பணம் கட்ட வேண்டாம். வங்கி, ரிஸ்க் பக்கம் என்றால் கார்ப் அமைப்பின் எஸ்சிஆர். காலநிலை மாற்றம் கடனையும் முதலீட்டையும் எப்படிப் பாதிக்கும் என்பதுதான் அதில் பாடம், ஒரு ஆலையின் உமிழ்வைக் கூட்டிக் கழிக்கச் சொல்லித்தராது. ஃபண்டு, பங்கு ஆய்வு என்றால் சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட் நடத்தும் சஸ்டெய்னபிள் இன்வெஸ்டிங் சான்றிதழ். முன்பு இஎஸ்ஜி இன்வெஸ்டிங் என்ற பெயரில் இருந்தது அதுதான். கம்பெனிக்குள் உட்கார்ந்து அறிக்கை எழுதும் வேலைக்கு ஜிஆர்ஐ அகாடமியின் படிப்பு உதவும். அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கும் வேலைக்கு ஐஎஸ்ஓ 14064 வெரிஃபையர் பயிற்சி. நீங்கள் இருக்கும் இடத்தையும் 8 வருட அனுபவத்தையும் பார்த்தால் கடைசி இரண்டில் ஒன்றுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். இந்த நான்கையும் நடத்துபவர்களிடம் எனக்கு எந்தக் கமிஷனும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இவை எதற்கும் முன்னால் படிக்க வேண்டியது உமிழ்வைக் கணக்கிடும் உலகப் பொது விதித்தொகுப்பான ஜிஎச்ஜி புரோட்டோகாலின் கார்ப்பரேட் ஸ்டாண்டர்டும், 2015இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டியும். இரண்டும் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பட்டியலிட்ட பெரிய கம்பெனிகளிடம் செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற நிலைத்தன்மை அறிக்கைப் படிவத்தில் உமிழ்வு கேட்கும் பகுதிக்கும் அடிப்படை இதுதான். சான்றிதழ் பாடப் புத்தகங்களில் இது ஒரு சின்ன அத்தியாயமாகத்தான் வரும். உமிழ்வில் பெரும்பகுதி மின்சாரத்திலிருந்தே வரும் ஆலையில் வேலை செய்பவருக்கு அந்த அத்தியாயம் போதாது.

ஏன் போதாது என்பதற்கு எங்கள் கதை. ஒரு ஐரோப்பிய நூல் வாங்குபவர் எங்கள் 2024-25 உமிழ்வுக் கணக்கைக் கேட்டார். குழுமம் ஒரு கன்சல்டன்சியை அமர்த்தியது. பெயர் வேண்டாம். நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் வந்தார்கள். அவர்கள் கேட்டபோதெல்லாம் மின் கட்டண பில்லையும் டீசல் கணக்கையும் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. நிஜ எண்களைப் போட முடியாது என்பதால் கீழே வட்டமாக்கித் தருகிறேன், விகிதம் கிட்டத்தட்ட அதேதான்.

ஆண்டுக்கு மொத்தம் 12,000 மெகாவாட் மணி மின்சாரம் ஓடியது. யூனிட்டில் சொன்னால் 1 கோடியே 20 லட்சம். அதில் 7,000 எங்கள் சொந்தக் காற்றாலைகளிலிருந்து. உடுமலைப் பக்கம் கொஞ்சம், ஆரல்வாய்மொழிப் பக்கம் கொஞ்சம். அங்கே உற்பத்தியாகி மின்வாரியக் கம்பி வழியாக வந்து எங்கள் எச்டி பில்லில் கழியும். மீதி 5,000 வாரியத்திடம் வாங்கியது.

ஸ்கோப் 2 என்பது வாங்கிப் பயன்படுத்தும் மின்சாரத்தின் உமிழ்வு. அதை இரண்டு விதமாகக் கணக்கிட்டு இரண்டையும் காட்ட வேண்டும். முதலாவது இருப்பிட முறை. நம் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் சராசரி என்னவோ அதையே எல்லா யூனிட்டுக்கும் போடுவது. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் சராசரி 2023-24க்கு ஒரு மெகாவாட் மணிக்கு 0.727 டன் கார்பன் டை ஆக்சைடு. நாம் கணக்கு எழுதும் நேரத்தில் கையில் இருப்பது முந்தைய ஆண்டின் எண்தான், அதைப் போட்டு எந்த ஆண்டின் எண் என்று குறிப்பு எழுதினால் போதும். 12,000 பெருக்கல் 0.727, ஆக 8,724 டன். காற்றாலை வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் இந்த முறைக்குத் தெரியாது.

இரண்டாவது சந்தை முறை. யாரிடம் என்ன ஒப்பந்தத்தில் மின்சாரம் வந்தது என்று பார்ப்பது. காற்றாலை யூனிட்டுக்கு பூஜ்யம், மீதி 5,000க்கு மட்டும் 0.727. ஆக 3,635 டன். கன்சல்டன்சி இதைத்தான் அட்டைப்பக்கத்தில் பெரிதாகப் போட்டது. எம்டி முகத்தில் சந்தோஷம்.

எனக்கு அந்த 7,000 இடித்தது. லெட்ஜரில் 'இதர வருமானம்' என்ற தலைப்பின் கீழ் சில லட்சம் ரூபாய் வருடா வருடம் வரும், ஆர்இசி விற்பனை என்று. ஒரு பகுதி காற்றாலைகள் ஆர்இசி எனும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றுத் திட்டத்தில் இருந்தன. ஒரு மெகாவாட் மணிக்கு ஒரு சான்று கிடைக்கும், அதை மின் சந்தையில் விற்றுக் காசாக்குவோம். அந்த ஆண்டு விற்றது 2,000 சான்று. அதாவது 2,000 மெகாவாட் மணியின் 'பசுமை' என்ற உரிமையை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விற்றவன் அதே யூனிட்டை பூஜ்யம் என்று எழுதக் கூடாது என்று ஸ்கோப் 2 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அந்த யூனிட்டுக்கும் சாதாரண மின்சாரத்தின் எண்தான் போட வேண்டும். ஆக வாரியத்திடம் வாங்கிய 5,000, சான்று விற்ற 2,000, இரண்டும் சேர்த்து 7,000 பெருக்கல் 0.727, 5,089 டன். அட்டைப்பக்க எண்ணைவிட 1,454 டன் கூடுதல்.

இதைக் கண்டுபிடிக்க வேதியியல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வந்த பிள்ளைகள் காற்றாலை அறிக்கையைக் கேட்டார்கள், மின் பில்லைக் கேட்டார்கள். லாப நட்டக் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஒரு சரக்கை விற்ற பிறகும் ஸ்டாக்கில் காட்டுவது எப்படித் தப்போ அப்படித்தான் இது, அக்கவுண்டன்டுக்கு உடனே உறுத்தும்.

உங்கள் வேலையிலேயே கவனிக்க இன்னும் இரண்டு இடம் சொல்கிறேன். டீசலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வைத்து ஒத்துப்பார்க்க முடியாது. ஜெனரேட்டர் டீசல் ஒரு தலைப்பில் இருக்கும், டிரைவர் பெட்ரோல் பங்கில் போட்டது 'வாகனச் செலவு' என்று வேறு தலைப்பில் இருக்கும். வாங்கியதை அப்படியே எடுக்காமல் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு பார்த்து எரிந்ததை மட்டும் எடுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சொந்த பஸ் என்றால் ஸ்கோப் 1, அதாவது நம் கட்டுப்பாட்டில் நேரடியாக வெளிவருவது. காண்டிராக்ட் பஸ் பெரும்பாலும் ஸ்கோப் 3, அதாவது நமக்காக அடுத்தவர் வெளியிடுவது. யார் இயக்குகிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று ஏசி, சில்லர் கேஸ். 'ரிப்பேர் அண்ட் மெயின்டனன்ஸ்' பில்லில் 'கேஸ் சார்ஜிங்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதில் 25 கிலோ ஆர்-134ஏ என்று இருந்தால் ஐபிசிசி ஐந்தாம் அறிக்கையின்படி அது கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்கு சூடாக்கும், ஆக 32.5 டன். 12,000 லிட்டர் டீசல் எரித்தாலும் ஏறக்குறைய அதேதான். பில்லில் ஆர்-22 என்று இருந்தால் அதை ஸ்கோப் 1இல் சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும், ஏனென்றால் அது கியோட்டோ ஒப்பந்தத்தின் வாயுப் பட்டியலில் இல்லை. வெரிஃபையர் வந்தால் இந்த இடத்தில்தான் முதலில் கை வைப்பார்.

இப்போதே சிலர் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். இன்ஜினியர்கள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சிமென்ட், ஸ்டீல் மாதிரி உற்பத்தி முறையிலேயே வாயு வெளிவரும் இடங்களில் அவர்கள் இல்லாமல் ஒரு எண்ணும் நகராது, அங்கே நான் போய் நின்றால் முழிப்பேன். காற்றாலை பூஜ்யமே ஏமாற்று என்று சொல்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆடிக் காற்றில் உற்பத்தியானதை வாரியத்தில் பேங்கிங் செய்து மாசியில் எடுத்துப் பயன்படுத்தும் ஆலைகள் இங்கே உண்டு. இப்போதைய விதிப்படி ஆண்டுக்குள் பொருந்தினால் சரி. மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்று ஸ்கோப் 2 விதியைத் திருத்தும் பேச்சு நடக்கிறது, அது வந்தால் இந்தக் கணக்கையெல்லாம் திரும்பப் போட வேண்டியிருக்கும். அஷ்யூரன்ஸ் சிஏக்களுக்கு மட்டும்தானே என்று கேட்பவர்களுக்கு: பிஆர்எஸ்ஆரில் வெளியார் சரிபார்க்க வேண்டிய 'கோர்' பகுதியைச் சரிபார்ப்பவர் இன்ன தொழிலைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று செபி சொல்லவில்லை. முதல் 150 கம்பெனிகளில் 2023-24இல் தொடங்கி, அடுத்தடுத்து 250, 500 என்று 2026-27இல் முதல் 1,000 கம்பெனிகள் வரை இது விரிகிறது. ஆள் தேவை அங்கேதான்.

நேர்காணலுக்கு என்ன கொண்டு போவது? உங்கள் கம்பெனியின் ஒரு வருட ஸ்கோப் 1, ஸ்கோப் 2 கணக்கை நீங்களே போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எந்த பில், எந்த லெட்ஜர் என்று எழுதி வையுங்கள். அனுமதி வாங்கி, பெயரை மறைத்துத்தான். காற்றாலை இருந்தால் உற்பத்தியான யூனிட்டை எடுக்காதீர்கள், வழியில் கம்பி இழப்பு கழிந்து பில்லில் ஈடான யூனிட்டை எடுங்கள். இதைக் காட்டியவுடன் என்னிடம் சான்றிதழ் பற்றிய கேள்வி நின்றுவிட்டது. ஆனால் எச்ஆர் வடிகட்டியைத் தாண்டி உள்ளே போக ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. பல விளம்பரங்களில் 'சுற்றுச்சூழல் பொறியியல் மட்டும்' என்றுதான் இன்னமும் போடுகிறார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இந்த வாங்குபவர்கள் கிலோவுக்கு 2 ரூபாய் குறைக்கச் சொல்லி மாதக்கணக்கில் பேசுவார்கள். அதே ஆட்கள் ஆளுக்கொரு போர்ட்டல் வைத்துக்கொண்டு அதே விவரத்தை ஆளுக்கொரு வடிவில் கேட்பார்கள். ஒருவருக்கு ஏப்ரல்-மார்ச் ஆகாது, ஜனவரி-டிசம்பர்தான் வேண்டும். ஒருவருக்கு கிலோ நூலுக்கு எவ்வளவு என்று வேண்டும், இன்னொருவருக்கு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு என்று. சரிபார்ப்புச் செலவு எங்கள் தலையில். 1,454 டன் ஏன் கூடியது என்று விளக்கி, பழைய ஆண்டு எண்ணையும் அதே முறையில் திருத்தி அனுப்பினோம். போர்ட்டலில் பழைய ஆண்டுக்கான கட்டம் பூட்டியிருந்தது. எங்கள் உமிழ்வு ஒரே வருடத்தில் எகிறிவிட்டதாக அது சிவப்பில் காட்டியது, 'குறைப்புத் திட்டம் என்ன' என்று தானாக ஒரு மெயிலும் வந்தது. அதற்குப் பதில் எழுதும் வேலையும் இப்போது என்னுடையதுதான்.