கூட்டியும் கூடாத எண்: வாசகர் கேள்விகள்

கேள்வி: for சுற்றில் `i++` எழுதுவதா, `++i` எழுதுவதா? எது வேகம்?

`int` என்றால் இரண்டும் ஒன்றுதான். மதிப்பை யாரும் வாங்கிக்கொள்ளாத இடத்தில் முன்னே போட்டாலும் பின்னே போட்டாலும் வித்தியாசமில்லை. சி++ இட்டரேட்டர் என்றால் மட்டும் `++it` போடுங்கள். பழைய மதிப்புக்கு நகல் எடுக்கும் வேலை மிச்சம்.

கேள்வி: ஜாவாவில் ஆயிரம் வரி கோப்பைப் படித்து `count = count++;` என்று எண்ணினேன். கடைசியில் 0 வருகிறது. ஜாவாவில் பிழையா?

மாதம் ஒருவராவது கம்பைலர் மேல் பழி போட்டு எழுதுகிறார்கள். பிழை ஜாவாவில் இல்லை. `javap -c` போட்டு, கம்பைலர் ஆக்கிய பைட்கோடைப் பார்த்திருந்தால் கடிதமே தேவைப்பட்டிருக்காது:

```
iload_1
iinc 1, 1
istore_1
```

`count` இப்போது 0 என்று வையுங்கள். முதல் வரி அந்த 0-ஐ எடுத்து ஸ்டாக்கில் வைக்கிறது. இரண்டாம் வரி ஸ்டாக்கைத் தொடாமல் மாறியை நேரடியாக 1 ஆக்குகிறது. ஆக, கூட்டல் நடக்கத்தான் செய்கிறது! மூன்றாம் வரி ஸ்டாக்கில் காத்திருந்த பழைய 0-ஐ எடுத்து அதே மாறியில் எழுதுகிறது. புதிதாக வந்த 1 அங்கேயே அழிந்துபோகிறது. ஆயிரம் சுற்று ஓடினாலும் இதே கதைதான்.

`count = ++count` என்றால் `iinc` முதலில் வரும், அப்புறம் `iload`. விடை சரியாக வரும், ஆனால் அந்த `=` வெட்டி வேலை. `count++;` என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரு கடையின் பில் நிரலில் எல்லா பில்லும் 1 என்றே அச்சானதற்கு அரை நாள் தேடியிருக்கிறேன். இதே வரிதான். கம்பைலர் முனகக்கூட இல்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி: `i` 5 என்றால் `i++ + ++i` எவ்வளவு? எனக்கு 12, நண்பருக்கு வேறு.

எந்த மொழி என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? ஜாவா என்றால் இடமிருந்து வலம்: 5 கூட்டல் 7, விடை 12. சி-யில் இதற்கு வரையறையே கிடையாது. எது வந்தாலும் கம்பைலரைக் கேட்க முடியாது. மேலே சொன்ன `count = count++` கூட சி-யில் அப்படித்தான். சி++ மட்டும் 2017 பதிப்பிலிருந்து அந்த ஒன்றை ஜாவா மாதிரி வரையறுத்துவிட்டது. ஜிசிசி-யில் `-Wall` போட்டால் எச்சரிக்கும். போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது!

கேள்வி: பைத்தானில் `++x` பிழை காட்டவில்லை, ஆனால் கூடவும் இல்லை.

அது `-5`-இல் வரும் கழித்தல் குறி மாதிரி, எண்ணுக்கு முன்னே போட்ட இரண்டு கூட்டல் குறி, அவ்வளவுதான். `x += 1` எழுதுங்கள்.