டிரிப் ஓடுகிறது, ஆனால் கேனுலா இடம் சிவந்திருக்கிறது. மாற்றணுமா?

"நேற்று போட்ட கேனுலா. ஊசி இடத்தைச் சுற்றி லேசான சிவப்பு, தொட்டால் வலி என்கிறார். டிரிப் நன்றாக ஓடுவதால் விட்டுவிடலாம் என்கிறார் சீனியர். ஸ்கோர் 1ஆ, 2ஆ?"

2. எடுத்துவிடுங்கள். கேனுலா இடத்தின் அழற்சியை அளக்கும் விஐபி ஸ்கோரில் லேசான வலி அல்லது லேசான சிவப்பு, ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால்தான் 1. அப்போது கேனுலாவை வைத்துக்கொண்டு கவனிக்கலாம். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு சேர்ந்தால் 2, அதாவது சிரை அழற்சியின் ஆரம்பம். இடம் மாற்ற வேண்டும்.

டிரிப் ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அழற்சி சிரையின் சுவரில். உள்ளே வழி திறந்திருந்தால் திரவம் ஓடத்தான் செய்யும். நானும் படிக்கும்போது இதில் ஏமாந்தேன். மறுநாள் ஒளிபுகும் ஒட்டின் வழியே பார்த்தால், சிரையின் போக்கிலேயே சிவப்புக் கோடு. விரலால் தடவினால் கயிறு மாதிரி தட்டுப்பட்டது. அது 4. காய்ச்சலும் சேர்ந்தால் 5.

புதியதை முடிந்தால் மறு கையில் போடுங்கள். அதே கைதான் என்றால் பழைய இடத்துக்கு மேலே, மூட்டைத் தவிர்த்து. கீழே போட்டால் மருந்து அந்தப் புண்பட்ட சிரை வழியாகத்தான் போகும். எடுத்த இடத்தை 48 மணி நேரம் பாருங்கள். சிலருக்குக் கேனுலா போன பிறகுதான் வீங்கும். ஸ்கோரையும் எடுத்த நேரத்தையும் சார்ட்டில் எழுதிவிட்டு சீனியரிடம் காட்டுங்கள்.